சராசரியில் பூஜ்ஜியத்தைச் சேர்க்கலாமா? ஒரு மளிகைக் கடைக் கணக்கு

கேள்வி: "மளிகைக் கடை வைத்திருக்கிறேன். நல்லெண்ணெய் 1 லிட்டர் பாக்கெட் தினமும் எத்தனை போகிறது என்று எக்ஸெலில் எழுதி, சராசரி பார்த்து வாராந்திர ஆர்டர் போடுகிறேன். ஞாயிறு கடை கிடையாது, அன்றைக்கு 'லீவு' என்று எழுதுவேன். ஒன்றும் விற்காத நாளில் 0. சில நாள் எழுத மறந்து காலியாக விட்டிருப்பேன். இரண்டு வாரத்துக்கு AVERAGE போட்டால் 5.9 வருகிறது. நானே மொத்தத்தை 14ஆல் வகுத்தால் 4.6. தம்பி சொன்னபடி AVERAGEIF போட்டுப் பூஜ்ஜியத்தை விட்டால் 8.1. எதை நம்புவது? பூஜ்ஜியத்தைச் சேர்க்கணுமா, வேண்டாமா?"

நீங்கள் அனுப்பிய ஷீட்டைப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மூன்று எண்ணிலும் கூட்டல் பிழை எதுவும் இல்லை. மூன்றிலும் மேலே இருப்பது அதே 65 பாக்கெட்தான், கீழே வகுக்கிற நாள்தான் மாறுகிறது. 14ஆல் வகுத்தால் 4.64, 11ஆல் வகுத்தால் 5.91, 8ஆல் வகுத்தால் 8.13. ஆனால் ஆர்டர் போடுவதற்கு இந்த மூன்றில் ஒன்றுகூட உதவாது. உங்களுக்கு வேண்டிய எண் 7.4. அது எப்படி வருகிறது என்று சொல்வதற்கு முன்னால் AVERAGE எந்தெந்த நாளைக் கணக்கில் எடுத்தது, எதை விட்டது என்று பார்த்துவிடலாம். கடைகளுக்குச் சரக்குக் கணக்கு போட்டுக்கொடுத்தே பல வருஷம் ஓட்டியவன் நான். ஆர்டர் தப்பாகிப்போன ஷீட்டுகளில் பெரும்பாலானவற்றில் ஃபார்முலா சரியாகத்தான் இருக்கும், வகுத்த நாளின் எண்ணிக்கைதான் தப்பாக இருக்கும்.

AVERAGE ஒரு செல் வரிசையைப் பார்க்கும்போது எண் இருக்கிற செல்லை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். காலி செல்லை விட்டுவிடும், எழுத்து இருக்கிற செல்லையும் விட்டுவிடும். பூஜ்ஜியம் எண் என்பதால் அதை விடாது. உங்கள் ஷீட்டில் 14 வரி இருக்கிறது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை "லீவு", ஒரு வியாழக்கிழமை காலி, ஆக மூன்று போய்விட்டது. மீதி 11. அந்த 11க்குள்ளே மூன்று பூஜ்ஜியம் இருக்கிறது. தம்பி சொன்ன AVERAGEIF அந்த மூன்றையும் கழித்ததால் 8 ஆகிவிட்டது. AVERAGEA என்று இன்னொன்றும் இருக்கிறது, அது எழுத்தை விடாமல் பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்ளும், காலி செல்லை மட்டும் விடும். அதைப் போட்டிருந்தால் 65ஐ 13ஆல் வகுத்து 5 என்று நான்காவதாக ஒரு விடை வந்து இன்னும் குழப்பியிருக்கும். இத்தனை வருஷத்தில் அதை நான் உபயோகித்தது விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான்.

எந்த ஷீட்டாக இருந்தாலும் சராசரி போடுவதற்கு முன்னால் இந்த நான்கையும் ஓர் ஓரமாக எழுதிப் பார்ப்பது என் பழக்கம்:

```
=COUNT(C2:C15)
=COUNTA(C2:C15)
=COUNTBLANK(C2:C15)
=COUNTIF(C2:C15,0)
```

உங்கள் ஷீட்டுக்கு இவை வரிசையாக 11, 13, 1, 3 என்று வரும். எண் இருப்பது 11, ஏதாவது எழுதியிருப்பது 13, ஒன்றுமே எழுதாதது 1, பூஜ்ஜியம் 3. COUNTAவிலிருந்து COUNTஐக் கழித்தால் 2, அதுதான் எழுத்து இருக்கிற செல். இரண்டு ஞாயிறு, இரண்டு எழுத்து, சரியாகப் பொருந்துகிறது. ஒருவேளை 3 வந்திருந்தால் எங்கேயோ ஒரு எண் எழுத்தாக மாறி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சங்கதிக்கு அப்புறம் வருகிறேன்.

இப்போது உங்கள் இரண்டு வாரத்தை நாள் நாளாகப் பார்க்கலாம். விற்பனைக்குப் பக்கத்தில் இருப்பு என்று ஒரு பத்தியும் நீங்கள் வைத்திருப்பது பெரிய உபகாரம், அது இல்லாவிட்டால் இந்தக் கேள்விக்கு என்னால் பதிலே சொல்ல முடியாது. முதல் திங்கள் காலையில் 40 பாக்கெட் இருந்தது, 6 போனது. செவ்வாய் 5. புதன் 0. வியாழன் 8, வெள்ளி 9, சனி 12. சனியன்று காலையில் கையில் இருந்ததே 12தான், அது மொத்தமும் போய்விட்டது. ஞாயிறு லீவு. அடுத்த திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் இருப்பு 0, விற்பனையும் 0. புதன் காலையில் 40 வந்து இறங்கியது, 7 போனது. வியாழன் இருப்பு 33, விற்பனை காலி. வெள்ளி காலை இருப்பு 24, விற்பனை 8. சனி 10. மறுபடி ஞாயிறு லீவு.

மூன்று பூஜ்ஜியத்தையும் இப்போது பாருங்கள். முதல் புதன்கிழமை அலமாரியில் 29 பாக்கெட் இருந்தது, கடை திறந்திருந்தது, ஆனால் ஒருத்தரும் நல்லெண்ணெய் கேட்கவில்லை. அது நிஜமான பூஜ்ஜியம். அன்றைய தேவை பூஜ்ஜியம் என்று அந்த நாள் சொல்கிறது, அதை விட்டால் கணக்கு பொய்யாகிவிடும். இரண்டாவது வாரத்துத் திங்களும் செவ்வாயும் அப்படி இல்லை. அன்றைக்கு நாலு பேர் வந்து கேட்டிருக்கலாம், ஆறு பேர் கேட்டிருக்கலாம், உங்களிடம் சரக்கு இல்லை. அந்த இரண்டு பூஜ்ஜியமும் வாடிக்கையாளரைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை, உங்கள் அலமாரியைப் பற்றித்தான் சொல்கின்றன. செல்லில் மூன்றுமே ஒரே மாதிரி 0 என்றுதான் தெரியும், எந்த ஃபார்முலாவாலும் முகத்தைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. AVERAGE மூன்றையும் சேர்த்துக்கொண்டது, AVERAGEIF மூன்றையும் தள்ளிவிட்டது, இரண்டுமே தப்பு. ஒன்றைச் சேர்த்து இரண்டைத் தள்ள வேண்டும். அந்தத் தகவல் விற்பனைப் பத்தியில் கிடையாது, இருப்புப் பத்தியில்தான் இருக்கிறது. அதனால் நிபந்தனையை அங்கே வையுங்கள்:

```
=AVERAGEIFS(C2:C15,B2:B15,">0")
```

B பத்தி அன்றைக்கு விற்பதற்குக் கையில் இருந்த சரக்கு, அதாவது காலை இருப்பும் அன்று வந்து இறங்கியதும் சேர்த்து. C பத்தி விற்பனை. சரக்கு இருந்த நாள்களை மட்டும் எடு என்கிறோம், விற்பனை பூஜ்ஜியமா இல்லையா என்பதைப் பற்றிப் பேசவே இல்லை. முதல் புதன் தானாக உள்ளே வந்துவிடும், சரக்கு இல்லாத திங்களும் செவ்வாயும் தானாக வெளியே போய்விடும். கடைசி ஞாயிறு காலையில் 6 பாக்கெட் இருப்பு இருந்தாலும் C பத்தியில் "லீவு" என்ற எழுத்து இருப்பதால் அது சராசரிக்குள் வராது. இங்கேதான் நீங்கள் லீவு என்று எழுதுகிற பழக்கம் கைகொடுக்கிறது. அந்த இடத்தில் 0 போட்டிருந்தால், சரக்கு இருந்தும் யாரும் வாங்காத நாள் என்று அதையும் சேர்த்து எண்ணியிருக்கும். விடை 65ஐ 9ஆல் வகுத்து 7.22.

அந்தக் காலி வியாழனை என்ன செய்வது? காலியாக விட்டால் AVERAGE தன் பாட்டுக்குத் தாண்டிப் போய்விடும், அதனால் பெரிய சேதம் இல்லை என்று தோன்றும். மறந்த நாளும் மற்ற நாள் மாதிரியே இருந்தால் அது உண்மைதான். ஆனால் கடையில் எழுத மறக்கிற நாள் பெரும்பாலும் கூட்டம் அதிகமான நாளாகத்தான் இருக்கும், சும்மா உட்கார்ந்திருக்கிற நாளில் யாரும் மறப்பதில்லை. அப்படி நெருக்கடியான நாளாகப் பார்த்து விட்டுக்கொண்டே போனால் சராசரி எப்போதும் கொஞ்சம் குறைவாகவே காட்டும். உங்கள் விஷயத்தில் ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. வியாழன் காலையில் 33, வெள்ளி காலையில் 24, இடையில் சரக்கு ஒன்றும் வரவில்லை, ஆகவே போனது 9. அதை எழுதிவிடுங்கள். (உடைந்தது, ஒழுகியது, வீட்டுக்கு எடுத்தது இதில் சேர்ந்திருந்தால் அது வேறு கதை, அது உங்களுக்குத்தான் தெரியும்.) எழுதியபின் மொத்தம் 74, நாள் 10, சராசரி 7.4.

வாரத்துக்கு ஆறு நாள் கடை என்றால் 7.4 பெருக்கல் 6, ஏறக்குறைய 45 பாக்கெட். AVERAGE சொன்ன 5.91ஐ வைத்துப் போட்டிருந்தால் 36 வாங்கியிருப்பீர்கள். முதல் வாரத்தில் 40 வைத்திருந்தும் சனிக்கிழமையோடு தீர்ந்துவிட்டது என்று உங்கள் ஷீட்டே சொல்கிறது, அப்புறம் 36 எப்படிப் போதும்? இப்படித் தீர்ந்துபோகிற சரக்குக்கு AVERAGE போட்டு ஆர்டர் போடுவதில் ஒரு விஷ வட்டம் இருக்கிறது. சரக்கு தீர்கிறது, பூஜ்ஜியம் விழுகிறது, சராசரி இறங்குகிறது, அடுத்த ஆர்டர் குறைகிறது, இன்னும் சீக்கிரம் தீர்கிறது, இன்னும் இரண்டு பூஜ்ஜியம் விழுகிறது. நாலு மாதத்தில் "இந்தச் சரக்கு இப்போதெல்லாம் போறதில்ல" என்று கடைக்காரரே சொல்ல ஆரம்பித்துவிடுவார். நான் கணக்குப் பார்த்த ஒரு கடையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சோப்பு இப்படித்தான் அலமாரியை விட்டே போனது. ஷீட் போட்டது நான்தான், பூஜ்ஜியத்தைக் கவனிக்காதவனும் நான்தான்.

7.4 என்பதையும் "குறைந்தது இவ்வளவு" என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அந்த முதல் சனிக்கிழமை 12 போனது என்று தெரியுமே தவிர எத்தனை பேர் கேட்டார்கள் என்று தெரியாது. காலை பத்து மணிக்கே தீர்ந்ததா, இரவு கடை மூடுகிற நேரத்தில் தீர்ந்ததா என்பதில் நிறைய வித்தியாசம் இருக்கிறது. சனி நீராடு என்கிற வழக்கம் இன்னும் இருக்கிற வீடுகளில் நல்லெண்ணெய் வெள்ளி, சனியில்தான் அதிகம் போகும், உங்கள் எண்களும் அதையே காட்டுகின்றன. சந்தேகமான நாள்தானே என்று அந்தச் சனியை விட்டுவிடலாமா என்று கேட்காதீர்கள். விட்டால் 62ஐ 9ஆல் வகுத்து 6.9 ஆகிறது, நிஜத்தில் தேவை 12க்கும் மேலே இருந்திருக்கக்கூடிய நாளை எடுத்துவிட்டுச் சராசரியைக் கீழே தள்ளுகிறீர்கள். வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. இதற்கு மேல் துல்லியம் வேண்டுமென்றால் இரண்டு வாரக் கணக்கு போதாது, குறைந்தது இரண்டு மூன்று மாதம் வேண்டும். தீபாவளி வாரத்தையும் இதில் கலந்துவிடாதீர்கள், எண்ணெய்க்கு அது தனிக் கணக்கு.

தம்பி சொன்ன "<>0" முறை, அதாவது பூஜ்ஜியத்தை விடுகிற AVERAGEIF, நல்லெண்ணெயில் அவ்வளவாகக் கெடுக்கவில்லை, 45க்குப் பதில் 49 வாங்கியிருப்பீர்கள், அடுத்த வாரம் சரியாகிவிடும். அது ஆளைக் கவிழ்ப்பது மெதுவாகப் போகிற சரக்கில். வசம்பு மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் 24 நாள் கடை, நாலே நாலு நாளில் ஒவ்வொரு பாக்கெட் போயிருக்கிறது, மீதி 20 நாளும் சரக்கு இருந்தும் பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தை விட்டுச் சராசரி போட்டால் நாளைக்கு 1 என்று வரும். அதை நம்பி மாதத்துக்கு 24 பாக்கெட் வாங்கினால் ஆறு மாதச் சரக்கு அலமாரியில் உட்கார்ந்துவிடும். அந்த 1 என்கிற எண்ணுக்கும் ஓர் அர்த்தம் இருக்கிறது, வசம்பு விற்கிற நாளில் எத்தனை விற்கிறது என்பதற்கு அது பதில். வருகிறவர் ஒன்றுதான் வாங்குவார், மொத்தமாக வாங்க மாட்டார் என்று தெரிந்துகொள்ள உதவும். ஆர்டருக்கு அது பதில் கிடையாது.

நீங்கள் கையால் போட்ட 4.64ம் அப்படித்தான், வேறொரு கேள்விக்கு அது சரியான விடை. கடை வாடகை ஞாயிற்றுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறீர்கள், வட்டியும் லீவு பார்ப்பதில்லை. ஒரு நாள் செலவுக்கு ஒரு நாள் வருமானம் ஈடு கொடுக்கிறதா என்று பார்க்கும்போது லீவு நாளையும் சரக்கு இல்லாத நாளையும் சேர்த்து எல்லா நாளையும் வகுத்தலில் வைக்கத்தான் வேண்டும், ஏனென்றால் அந்த நாள்களின் நஷ்டமும் உங்களுடையதுதான். அதற்கு AVERAGE வேண்டாம், நேரடியாக =SUM(C2:C15)/14 என்று எழுதுங்கள். காலி செல்லும் எழுத்தும் SUMஐ ஒன்றும் செய்யாது, வகுக்கிற எண்ணை நீங்களே உங்கள் கையால் போடுகிறீர்கள், அதனால் நாள் எண்ணிக்கையில் ஏமாற வழியில்லை. மறந்த 9ஐ எழுதியபின் இந்தக் கணக்கும் 74 வகுத்தல் 14, அதாவது 5.29 ஆகிவிடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மறந்த நாளால் AVERAGE கொஞ்சமாகத்தான் ஆடும், 14ஆல் வகுக்கிற கணக்கில் அது சத்தமில்லாமல் பூஜ்ஜியமாகவே சேர்ந்துவிடும்.

இதுவரை சொன்னது உங்கள் ஷீட்டில் கண்ணுக்குத் தெரிகிறபடிதான் எல்லாம் இருக்கிறது என்று நம்பிச் சொன்னது. நிஜத்தில் காலி போலத் தெரிகிறது காலியாக இருக்காது, எண் போலத் தெரிகிறது எண்ணாக இருக்காது. இதில் அதிகம் பேர் விழுகிற குழி இன்னொரு ஷீட்டிலிருந்து இழுக்கிறது. மாதக் கணக்குக்கு என்று தனி ஷீட் போட்டு அதில் =Sheet1!C12 என்று தினசரி ஷீட்டைச் சுட்டுவார்கள். சுட்டப்பட்ட செல் காலியாக இருந்தால் எக்ஸெல் அங்கே காலி என்று காட்டாது, 0 என்று போட்டுவிடும். VLOOKUP போட்டு எடுத்தாலும் இதே கதைதான். உங்கள் வியாழக்கிழமையை எழுதாமல் அப்படியே இழுத்திருந்தால் தினசரி ஷீட்டில் 5.91 என்றும் மாத ஷீட்டில் 65 வகுத்தல் 12, அதாவது 5.42 என்றும் வரும். இரண்டு ஷீட்டிலும் அதே AVERAGEதான், மொத்தமும் அதே 65தான், ஆனால் விடை வேறு. இதைத் தேடி ஒரு முழு நாளைத் தொலைத்தவன் நான். இப்படி எழுதினால் தப்பிக்கலாம்:

```
=IF(Sheet1!C12="","",Sheet1!C12)
```

இதில் வருகிற "" நிஜமான காலி இல்லை, வெற்று எழுத்து. AVERAGE எழுத்தை விடுவதால் இதையும் விட்டுவிடும், அது போதும். AVERAGEA மட்டும் இதையும் பூஜ்ஜியமாக எண்ணிவிடும், நான் அதைத் தொடாததற்கு அதுவும் ஒரு காரணம். ஸ்பேஸ் பாரைத் தட்டி "அழித்த" செல்லுக்கும் இதே கதிதான். பார்க்கக் காலி, உள்ளே எழுத்து.

அடுத்தது கோடு. நோட்டில் எழுதிப் பழகிய கை, ஒன்றும் விற்காத நாளில் 0 போடாமல் "-" என்று ஒரு கோடு இழுக்கும். எக்ஸெலுக்கு அது எழுத்து, AVERAGE தாண்டிப் போய்விடும். உங்கள் முதல் புதன்கிழமையில் 0க்குப் பதில் கோடு போட்டிருந்தால் 5.91 இருந்த இடத்தில் 6.5 வந்திருக்கும். இதற்கு நேர் எதிரான ஒன்றும் இருக்கிறது. அக்கவுண்டிங் வடிவம் கொடுத்த செல்லில் 0 என்று அடித்தாலும் திரையில் கோடாகத்தான் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது எண், AVERAGE அதைச் சேர்த்துக்கொள்ளும். ஒரே பத்தியில் இரண்டு வகைக் கோடும் கலந்து கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன், கண்ணால் பிரிக்கவே முடியாது. செல்லைத் தொட்டு மேலே ஃபார்முலா பட்டையைப் பாருங்கள், 0 என்று இருந்தால் எண், கோடே இருந்தால் எழுத்து. பூஜ்ஜியத்தையே காட்டாமல் மறைக்கிற வசதியும் உண்டு, File > Options > Advanced என்று போனால் "Show a zero in cells that have zero value" என்று ஒரு டிக் இருக்கும். யாராவது அதை எடுத்துவிட்டிருந்தால் பூஜ்ஜியமெல்லாம் காலி மாதிரித் தெரியும், கணக்கில் மட்டும் இருந்துகொண்டே இருக்கும்.

எழுத்தாக மாறிய எண் என்று முன்னால் சொன்னேனே, அது "12 பாக்கெட்" என்று செல்லுக்குள்ளேயே அலகையும் சேர்த்து எழுதுவதால் வரும், அல்லது பில்லிங் மென்பொருளிலிருந்து எடுத்து ஒட்டும்போது வரும். அந்தச் சனிக்கிழமை 12 மட்டும் அப்படி இருந்தால் AVERAGE அதை விட்டுவிட்டு 53ஐ 10ஆல் வகுத்து 5.3 என்று காட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது, வந்திருந்தாலாவது உடனே பிடித்திருக்கலாம். எண் வலது பக்கமாகவும் எழுத்து இடது பக்கமாகவும் ஒட்டி நிற்கும் என்பது பொதுவான அடையாளம், நடுவில் நிறுத்தும்படி யாராவது அமைத்திருந்தால் அதுவும் போச்சு. அதனால்தான் COUNT, COUNTA இரண்டையும் பார்க்கச் சொன்னேன். வெறும் 12 என்பதே எழுத்தாக இருந்தால் பத்தியைத் தேர்ந்தெடுத்து Data > Text to Columns போய் Finish அழுத்தினாலே பெரும்பாலும் எண்ணாகிவிடும். ஒரு செல்லில் 1 அடித்து, அதை காப்பி செய்து, Paste Special > Multiply போடுகிற குறுக்குவழியைப் பலர் சொல்வார்கள். எண் திரும்பி வரும், நிஜம்தான், ஆனால் அந்தப் பரப்பில் காலியாக இருந்த செல்லெல்லாம் 0 ஆகிவிடும். காலிக்கும் பூஜ்ஜியத்துக்கும் வித்தியாசம் பார்க்கிற ஷீட்டில் அதைச் செய்யவே கூடாது. பாக்கெட் என்று கூடவே தெரிய வேண்டுமென்றால் செல்லில் 12 மட்டும் அடித்து, எண் வடிவத்தில் 0" பாக்கெட்" என்று கொடுங்கள், திரையில் இரண்டும் தெரியும், உள்ளே எண் எண்ணாகவே இருக்கும்.

புதிதாக ஒரு சரக்கு சேர்த்து இன்னும் ஒரு நாள்கூட எழுதவில்லை என்றால் AVERAGEIFS #DIV/0! என்று காட்டும், வகுக்க நாளே இல்லை என்று அர்த்தம். அசிங்கமாக இருக்கிறதே என்று IFERROR போட்டு அந்த இடத்தில் 0 வைக்காதீர்கள், "" வையுங்கள். அந்த 0ஐ இன்னொரு சராசரி எடுத்துக்கொண்டு, விற்பனையே தொடங்காத சரக்கைப் போகாத சரக்கு என்று சொல்லிவிடும்.

உங்கள் ஷீட்டில் இப்போதைக்கு அந்த வியாழனில் 9ஐ எழுதி, மேலே சொன்ன AVERAGEIFSஐப் போட்டு, இந்த வாரத்துக்கு 45க்குக் குறையாமல் கையில் இருக்கும்படி வாங்குங்கள், ஏற்கெனவே இருக்கிற 6ஐக் கழித்தால் வாங்க வேண்டியது 39. அடுத்த தடவை சனிக்கிழமை சரக்கு தீர்ந்தால் எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்று பக்கத்துச் செல்லில் குறித்து வையுங்கள். மதியத்துக்கு முன்னாலேயே தீர்ந்திருந்தால் 45 பத்தாது.